பாட்டிலில் மறைந்த கடைசிக் கட்டம்

கடையில் எந்தப் பொட்டலத்தை எடுத்தாலும் நான் முதலில் திருப்பித்தான் பார்ப்பேன். முன்பக்கத்தில் சிரிக்கிற குழந்தையோ வழிகிற நெய்யோ எனக்கு வேண்டாம். பின்பக்கத்தில் அந்தக் கட்டம் கட்டிய அட்டவணை எங்கே இருக்கிறது, எழுத்து படிக்கிற மாதிரி இருக்கிறதா, ஒரு பரிமாறலுக்கு எவ்வளவு என்று போட்டிருக்கிறானா என்று பார்த்துவிட்டுத்தான் கூடையில் போடுவேன். நம் பையனுக்குப் பெண் பார்க்கப் போனாலும் இவள் முதுகைத்தான் பார்த்துவிட்டு வருவாள் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். செய்யட்டும். அந்த முதுகுப் பக்கத்தில்தான் நான் சம்பளம் வாங்கினேன்.

தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் போகும் வழியில், ஒரு சந்துக்குள் இருந்த லேபிள் அச்சகத்தில் எனக்கு வேலை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு மெஷின், எப்போதும் துருப்பிடித்துக்கொண்டே இருக்கும் கத்தரிக்கோல்கள். கடல் காற்று எதைத்தான் விட்டது? மை வாசனையும் சாயங்கால டீயும் எதிர்க்கடையில் மக்ரூன் வேகும் முந்திரி மணமும் கலந்து ஒரு வாடை வரும். இன்றைக்கும் எங்கேயாவது அச்சு மை வாசனை வந்தால் கூடவே அந்த மக்ரூன் மணத்தையும் மூக்கு தேடுகிறது. கிடைக்காதபோது கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

அச்சக முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். லேபிளின் முன்பக்கம், அதாவது பெயர், படம், பளபளப்பு எல்லாம் அவரே செய்வார். அதில் அவருக்கு அத்தனை ஆசை. பின்பக்கம் என் தலையில். சேர்மானப் பட்டியல், ஒவ்வாமை எச்சரிக்கை, உரிம எண், தேதி, விலை, பிறகு அந்த அட்டவணை. அவர் தாராளமாக இடத்தை எடுத்துக்கொண்டு மிச்சம் வைக்கிற மூலையில் நான் ஒரு குடும்பத்தையே குடியேற்ற வேண்டும். இதற்காக நாங்கள் சண்டை போடாத வாரமே இல்லை.

அப்படி ஒரு நாள்தான் அந்த அக்கா வந்தாள். கையில் துணிப்பை. பைக்குள் இருநூறு கிராம் கண்ணாடி பாட்டில் ஒன்று, பரிசோதனைக்கூடம் கொடுத்த அறிக்கை, பிறகு ஒரு ஃபோட்டோ. கடற்கரைத் தெருவில் வீடு. புருஷன் மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகும் தோணியில் பண்டாரியாக, அதாவது சமையல்காரராக இருந்து, பக்கவாதத்தில் படுத்து, போன வருஷம் இறந்துபோயிருந்தார். தோணியில் போகும்போது ஆட்களுக்குக் கஞ்சியோடு கொடுக்க அவர் போட்ட இறால் ஊறுகாய் அந்தத் தெரு முழுக்கப் பிரசித்தம். அவர் போன பிறகு அக்கா அதைப் போட்டு அக்கம்பக்கத்தில் விற்றாள். இப்போது ஊருக்குள் ஒரு பெரிய பலசரக்குக் கடை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. லேபிள் சட்டப்படி இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

அக்காவுக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. ஃபோட்டோவை மேசையில் வைத்தாள். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை, ஸ்டூடியோவுக்கென்றே வரவழைத்துக்கொண்ட முறைப்பு. எங்கள் பக்கத்து அப்பளம், எண்ணெய், சுக்குத்தூள் எதை எடுத்தாலும் நிறுவனர் படம் என்று ஒருவர் இப்படி முறைத்துக்கொண்டுதான் இருப்பார்.

"அவிய படம் பெருசா இருக்கணும்ளா," என்றாள். "நாலு பேரு கடையில பாக்கணும். அதுக்குத்தான் இவ்வளவு பாடும்."

அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல். லேபிளில் மூன்றில் ஒரு பங்கைப் படத்துக்கே கொடுத்துவிட்டார். நடுவில் ஊறுகாயின் பெயர். மிச்சம் எனக்கு.

அந்த மிச்சத்தில் என்னவெல்லாம் போக வேண்டும் என்று அக்காவுக்கு விளக்கவே ஒரு காலை முழுக்கப் போயிற்று. சேர்மானங்களை அவள் சமைக்கிற வரிசையில் சொன்னாள். எண்ணெய், கடுகு, பூண்டு, இஞ்சி, அப்புறம் இறால். அப்படி இல்லை அக்கா, எடை எது அதிகமோ அது முதலில் வரவேண்டும், அப்புறம் இறங்குவரிசை என்றேன். அடுப்பில் கடைசியாகப் போடுவதை முதலில் எழுதச் சொல்கிறாயே, இதைப் படித்துவிட்டு எவளாவது முதலில் இறாலைப் போட்டால் அடிபிடிக்காதா என்று கேட்டாள். இது சமையல் குறிப்பு இல்லை என்று புரியவைத்து, கிலோக் கணக்குக் கேட்டு வாங்கி, இறாலை முதலில் ஏற்றி நல்லெண்ணெயை அடுத்து வைத்தேன். இறால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, கடுகும் அப்படித்தான், அதைத் தனியாகப் போட்டேன். அசைவத்துக்கான பழுப்பு முக்கோணத்தைப் பெயர் பக்கத்தில் வைத்தேன்.

அட்டவணைக்குப் பத்து வரி. ஆற்றல், புரதம், மாவுச்சத்து, மொத்தச் சர்க்கரை, சேர்த்த சர்க்கரை, மொத்தக் கொழுப்பு, நிறைவுற்ற கொழுப்பு, டிரான்ஸ் கொழுப்பு, கொலஸ்ட்ரால், சோடியம். முதல் நிரலில் அவற்றின் பெயர். இரண்டாவதில் நூறு கிராமில் எவ்வளவு. மூன்றாவதில், ஒரு பரிமாறல் சாப்பிட்டால் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சொல்லியிருக்கும் அளவில் எத்தனை சதவீதம் என்பது. எல்லா வரிக்கும் இந்தச் சதவீதம் தேவையில்லை. ஆனால் சோடியத்துக்குக் கட்டாயம் வேண்டும்.

"பரிமாறல்னா?" என்று கேட்டாள் அக்கா.

ஒரு தடவைக்கு ஒருவர் சாப்பிடுகிற அளவு, ஊறுகாய்க்கு எல்லாரும் பத்து கிராம் என்றுதான் போடுகிறார்கள், ஒரு சின்னக் கரண்டி என்றேன்.

"பத்து கிராம் யாருளா திம்பா? பூனையா?"

அவள் சிரித்தாள், நானும் சிரித்துவிட்டேன். பத்து கிராமே போட்டோம். யாருக்கும் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

பெரிய விஷயம் இடம்தான். எழுத்தைச் சிறிதாக்கு என்றாள். லேபிளின் பரப்புக்குத் தக்கபடி எழுத்து இவ்வளவு உயரத்துக்குக் கீழே போகக்கூடாது என்று விதி இருக்கிறது என்றேன். சரி, உயரத்தை விடு, பக்கவாட்டில் நெருக்கு என்றார் அண்ணாச்சி. உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே அகலமும் குறையக்கூடாது என்றேன். நெருக்கிப் பார்த்தால் எட்டும் மூன்றும் ஒன்றாகத் தெரிந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. இதைப் படிக்கிறவனுக்கு ஒரு பூதக்கண்ணாடியும் சேர்த்துக் கொடுங்கள் என்று மவுஸைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். அண்ணாச்சிக்கு என் கோபம் பழக்கம். டீ வாங்கி வரச் சொன்னார்.

கடைசியில் அக்காதான் இறங்கி வந்தாள். படத்தில் கால்வாசியைக் குறைக்க ஒத்துக்கொண்டாள். அதுவும் இடுப்பை வெட்டு, தோளைத் தொடாதே என்று கண்டிஷன். தமிழிலும் போட வேண்டும் என்று கேட்டாள். விதிக்கு ஆங்கிலம் போதும், தமிழ் நாமாகச் சேர்ப்பது, அதற்கு இடமில்லை என்றேன். சரி என்றுவிட்டாள். இப்படியாக இடது ஓரத்தில் பாட்டிலைச் சுற்றி ஒட்டும்போது உள்ளே போக வேண்டிய வெற்றுப் பட்டை, அதை ஒட்டி அவர் படம், நடுவில் பெயர், பிறகு சேர்மானம், வலது ஓரத்தில் அட்டவணை என்று லேபிள் அமைந்தது. ரொம்ப அழகு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு எழுத்தும் படிக்கிற மாதிரி இருந்தது. அதில் எனக்குப் பெருமை.

பாட்டில்கள் கடைக்குப் போன வேகத்தில் திரும்பி வந்தன. கொள்முதல் பார்க்கிற அதிகாரி, அட்டவணை முழுதாக இல்லை, இப்படி அடுக்கினால் எங்களுக்கு அபராதம் வரும் என்று ஒரு வரியில் சொல்லி அனுப்பிவிட்டார். அக்கா போனில் என்னைத்தான் பிடித்தாள். எனக்கு வந்ததே ஆத்திரம். நான் போட்ட அட்டவணை முழுதாக இல்லையா? மத்தியானச் சாப்பாட்டைக்கூட முடிக்காமல் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கடற்கரைத் தெருவுக்குப் போனேன்.

வீட்டு முன்னறையில் பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஒன்றை எடுத்துத் திருப்பினேன். அட்டவணை இருந்தது, ஆனால் இரண்டு நிரல்தான் இருந்தது. மூன்றாவது நிரல் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு பட்டை. நகத்தால் கிளப்பினேன். அடியில் என் சதவீதங்கள் எல்லாம் பசைக்குள் கிடந்தன.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இடது ஓர வெற்றுப் பட்டையை முதலில் ஒட்டி, சுற்றிக் கொண்டுவந்து, வலது ஓரத்தை அதன்மேல் ஒட்ட வேண்டும் என்று நானே ஒன்றை ஒட்டிக் காட்டிவிட்டு வந்திருந்தேன். இவர்கள் தலைகீழாக வலது ஓரத்தை முதலில் ஒட்டி, வெற்றுப் பட்டையைக் கொண்டுபோய் அட்டவணை மேல் போட்டிருக்கிறார்கள். ஏன் அக்கா, கண்ணா அவிந்துபோச்சு என்று கேட்டேவிட்டேன்.

அக்கா அசையவில்லை. நான் சொன்ன மாதிரிதான் ஆரம்பித்தார்களாம். கையால் ஒட்டும்போது காகிதம் கொஞ்சம் அப்படி இப்படி நகரும். நாலைந்து பாட்டிலில் அட்டவணையின் ஓரம் வெற்றுப் பட்டையைத் தாண்டி அவர் தோள்மேல் ஏறிவிட்டது. ஒன்றில் காதுவரைக்கும். கூட உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருந்த தெருப் பெண்கள் எல்லாரும் அவர் கையால் சாப்பிட்டவர்கள். போன மனுஷன் மேல் எப்படி ஒட்டுவது என்று கை வரவில்லை. அக்காவுக்கும் மனசு கேட்கவில்லை. அதனால் திருப்பி ஒட்டச் சொல்லிவிட்டாள். அவர் முழுதாக இருந்தார். நம்பர்கள்தானே, ஒரு வரிசை மறைந்தால் என்ன என்று நினைத்திருக்கிறார்கள்.

அதிகாரியிடம் இதைச் சொல்ல முடியுமா? எனக்குக் கோபம் அடங்கிச் சிரிப்பு வந்தது, அதையும் அடக்கிக்கொண்டேன்.

அக்காதான் கேட்டாள். "மறைஞ்சதுல அப்படி என்னளா எழுதியிருந்த?"

சோடியம் வரியைக் காட்டினேன். உப்பில் இருப்பது இதுதான் என்றேன். நூறு கிராம் ஊறுகாயில் இரண்டாயிரத்து அறுநூறு மில்லிகிராம். ஒரு ஆள் ஒரு நாளைக்கு இரண்டாயிரத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒரு பரிமாறல் சாப்பிட்டால் அந்த இரண்டாயிரத்தில் எவ்வளவு தீர்ந்துபோகும் என்பதுதான் மறைந்த நிரல். பதின்மூன்று சதவீதம்.

"பத்து கிராமுக்கா?"

"ஆமா."

அவள் சோடியம் வரியை ஒரு தடவை பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போனாள். வரும்போது கையில் ஒரு எவர்சில்வர் தட்டு, நடுவில் ஊறுகாய். பாட்டிலை நிறுக்கிற சின்ன எலக்ட்ரானிக் தராசில் இன்னொரு வெறும் தட்டை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, ஊறுகாயை வழித்து அதில் போட்டாள். அவர் கஞ்சிக்கு வைத்துக்கொள்வது இவ்வளவு என்றாள். ஒவ்வொரு நாளும் பார்த்த கை, அளவு தப்பாது.

அறுபது கிராம் காட்டியது.

நான் போனில் கணக்குப் போட்டேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுபத்தெட்டு," என்றேன்.

"ஒரு வேளைக்கா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

அதற்குப் பிறகு அவள் சொன்னதெல்லாம் அழாமல் சொன்னாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவருக்குப் பிரஷர் என்று தெரிந்ததும் டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னாராம். அன்றிலிருந்து வீட்டில் கருவாடு கிடையாது. அப்பளம் கிடையாது. கஞ்சியில் உப்புப் போடுவதையே விட்டுவிட்டாள். கஞ்சி சப்பென்று இருக்கிறது என்று அவர் ஊறுகாயைக் கூடக் கொஞ்சம் வைத்துக்கொள்வார். தொட்டுக்கொள்வதுதானே என்று அவளும் விட்டுவிட்டாள். ஊரைச் சுற்றி உப்பளம், லாரி லாரியாக உப்பு போகிறது, மழை பெய்தால் உப்பு கரைகிறதே என்று ஊரே கவலைப்படும். அப்படிப்பட்ட எங்களுக்குத் தட்டில் இருந்த உப்பு தெரியவில்லை.

ஊறுகாயால்தான் அவர் போனார் என்று எந்த டாக்டரும் சொல்ல மாட்டார். நானும் சொல்லவில்லை. அக்கா, அப்படியெல்லாம் ஒன்றை வைத்துச் சொல்ல முடியாது என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். மெய்யாகவே அப்படித்தான் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை, ஆனால் கேட்டுக்கொண்ட மாதிரியும் தெரியவில்லை.

"கஞ்சியில உப்பு போடாம என்ன புண்ணியம்," என்றாள். "இத ஒருத்தரும் எனக்குச் சொல்லலியே." பிறகு பாட்டிலைத் திருப்பி, ஃபோட்டோவைப் பெருவிரலால் ஒரு தடவை தடவினாள். "படத்த எடுத்துரு."

நான் பதறிப்போனேன். இதற்காகத்தானே இவ்வளவு பாடும் என்றாயே, படத்தைச் சின்னதாக்கி நடுவில் வைக்கலாம், ஓரத்தில் இல்லாவிட்டால் யாரும் மேலே ஒட்ட வேண்டிய தேவையே வராது, நான் எப்படியாவது இடம் பண்ணித் தருகிறேன் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். படத்துக்கு எதிராக அத்தனை நாள் சண்டை போட்டவள் நான். அன்றைக்கு அதற்காக வாதாடினேன்.

"வேண்டாம்ளா. அவிய முகத்தப் பாத்து வாங்குறவனுக்கு என்ன தெரியும்? இந்த உப்புக் கணக்க எழுது. தமிழ்லயும் எழுது. என்னை மாதிரி ஒருத்தி படிக்கணும்."

மறுநாள் அண்ணாச்சி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். நான் அவர் பக்கமே திரும்பவில்லை. படம் இருந்த இடம் முழுக்க எனக்கு வந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு காலிமனை ஒரு லேபிளில் எனக்குக் கிடைத்ததில்லை, அது கிடைத்த விதத்தை நினைத்தால் சந்தோஷப்படவும் முடியவில்லை. அட்டவணையை ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி, ஆங்கிலத்துக்குக் கீழே தமிழ், வரிக்கு வரி மூச்சுவிட இடம், தடித்த கோடு என்று வைத்தேன். பரிமாறல் பத்து கிராம் என்பதற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கரண்டி என்று எழுதச் சொன்னாள். வெறும் கிராம் போட்டால் யாருக்கு விளங்கும் என்றாள். இந்தப் பாட்டிலில் இருபது பரிமாறல் என்பதையும் சேர்த்தேன். அச்சான முதல் தாளை வெளிச்சத்தில் பிடித்துச் சோடியம் வரியை மட்டும் விரல் வைத்துப் படித்துவிட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். கடை எடுத்துக்கொண்டது. ஒரு பாட்டில்கூடத் திரும்பவில்லை.

அதன்பிறகு நான் எத்தனையோ லேபிள் செய்தேன். கடலைமிட்டாய், பனங்கற்கண்டு, முறுக்கு, எல்லாருக்கும் முதுகு எழுதினேன். அச்சகம் இப்போது இல்லை, அண்ணாச்சி மகனோடு சென்னைக்குப் போய்விட்டார். அந்தச் சந்தில் செல்போன் கடை வந்துவிட்டது. அந்தப் பக்கம் போனால் நான் ஒரு நிமிஷம் வண்டியை நிறுத்துவேன். அவரோடு சண்டை போட இன்னும் ஒரு லேபிள் பாக்கி இருக்கிற மாதிரியே தோன்றும். அக்காவின் ஊறுகாய் மட்டும் இன்றைக்கும் கடையில் இருக்கிறது, லேபிளையும் அவள் மாற்றவில்லை.

வருஷா வருஷம் அவர் நினைவு நாளுக்கு என்னைக் கூப்பிடுவாள். காலையில் கோயிலில் பூசை, பிறகு வீட்டில் சாப்பாடு. போன தடவை போனபோது கூட்டம் கலைந்த பிறகு முன்னறையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். அந்த ஃபோட்டோ அங்கேதான் மாட்டியிருந்தது. அதே வெள்ளைச் சட்டை, அதே முறைப்பு, தோள் இரண்டும் முழுசாக. கீழே ஸ்டூலில் ஒரு கும்பா நிறையக் கஞ்சி, பக்கத்தில் சின்னத் தட்டில் கொஞ்சூண்டு ஊறுகாய்.

அக்கா எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். நான் தட்டைப் பார்ப்பதைப் பார்த்தாள்.

"கஞ்சியில உப்பு போட்டிருக்கேன்," என்றாள். "ஊறுகாய் ஒரு கரண்டிதான். இன்னைக்காவது அளவாத் திங்கட்டும்."

சொல்லிவிட்டு, அன்றைக்கு அந்தப் பாட்டில்களுக்கு நடுவில் அழாமல் இருந்தவள், என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.